முனை காட்டாத பரு

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 24 வயது. ரங்கூனில் தாம்வே பக்கம் இருக்கிறோம். ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மூன்று நாட்களுக்கு முன் முகவாயில் இடப்பக்கம் ஒரு பரு கிளம்பியது. சுண்டைக்காய் அளவு இருக்கிறது, முனையே இல்லை, தொட்டால் காது வரை வலிக்கிறது. காய்ச்சல் இல்லை. அம்மா வெற்றிலைச் சுண்ணாம்பு வைக்கச் சொல்கிறார். அக்கா ஊசியைச் சுட்டுக் குத்தி எடுத்துவிடலாம் என்கிறாள். முகத்துக் கட்டியைத் தொட்டால் விஷம் மூளைக்கு ஏறிவிடும் என்று சித்தப்பா பயமுறுத்துகிறார். நேற்று நானே கண்ணாடி முன் நின்று பிதுக்கிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை, வீக்கம்தான் கூடியது. மருந்துக் கடையில் ஒரு டியூபும் ஐந்து மாத்திரை போட்ட பொட்டலமும் கொடுத்தார்கள். டியூபை ஒரு வேளை தடவினேன், மாத்திரையைச் சாப்பிடவில்லை. மாதவிலக்குக்கு முன்னால் இதே பக்கத்தில் சிறிதாக வருவது வழக்கம்தான், இவ்வளவு பெரிதாக வந்ததில்லை. இன்னும் 11 நாளில் எனக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் இது போக ஒரு வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, தாம்வே

அன்புள்ள வாசகிக்கு,

பிதுக்கியபோது ஒன்றும் வராததற்குக் காரணம் உங்கள் விரலில் பலம் போதாதது அல்ல. வெளியே வருவதற்கு அங்கே எதுவும் இல்லை. இதை மட்டும் உங்கள் வீட்டார் நம்பிவிட்டால் சுண்ணாம்பு, ஊசி இரண்டுக்கும் வேலை இருக்காது. அதனால் இதையே கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

முகத்தில் இருக்கும் ஒவ்வொரு மயிர்க்காலும் ஒரு குறுகிய கிணறு போன்றது. அதன் பக்கவாட்டில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. சுரக்கும் எண்ணெய் கிணற்றின் வாய் வழியாகத் தோலுக்கு மேலே வர வேண்டும். உதிர்ந்த தோல் செதில்கள் அந்த வாயை அடைத்துக்கொண்டால் எண்ணெய் உள்ளேயே தேங்குகிறது. சாதாரணப் பருவில் சீழ் வாய்க்கு அருகிலேயே சேர்வதால் வெள்ளை முனையாகக் கண்ணுக்குத் தெரிகிறது. உங்களுடையது அப்படியல்ல. கிணற்றின் சுவர் ஆழத்தில் எங்கோ கிழிந்துவிட்டது. எண்ணெய், செதில், அங்கே குடியிருக்கும் கிருமிகள் எல்லாம் சுற்றியுள்ள உள்தோலுக்குள் கசிந்துவிட்டன. காலில் ஏறிய முள்ளை உடம்பு எப்படி நடத்துமோ அப்படித்தான் இதையும் நடத்துகிறது. வெள்ளணுக்கள் திரள்கின்றன, இடம் சூடாகி, சிவந்து, இறுகி, வலிக்கிறது. உங்கள் விரலுக்குத் தட்டுப்படும் சுண்டைக்காயில் பெரும்பகுதி இந்த வீக்கம்தான். சீழ் நிரம்பிய பை அங்கே இல்லை.

இப்போது இரண்டு விரலால் அழுத்துவதை நினைத்துப் பாருங்கள். மேலே தோல் முழுசாக, தடிமனாக மூடிக்கொண்டிருக்கிறது. கீழே சுவர் ஏற்கெனவே கிழிந்திருக்கிறது. அழுத்தினால் உள்ளே இருப்பது எந்தப் பக்கம் போகும்? கிழிந்த பக்கம்தான். இன்னும் ஆழத்துக்கு, இன்னும் அகலமாக. நேற்று வீக்கம் கூடியது அதனால்தான்.

இதையெல்லாம் பாடமாகப் படித்த பிறகும், கல்லூரி மூன்றாம் ஆண்டில், விடுதிக் கண்ணாடி முன் நின்று நானும் இதையே செய்தேன். சில வாரங்களில் போயிருக்க வேண்டிய கட்டி இரண்டு மாதம் இருந்தது. போகும்போது அரிசியளவு பள்ளம் ஒன்றை வைத்துவிட்டுப் போனது. இன்றும் பிதுக்குவேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு விளக்கைச் சாய்த்து அந்தப் பள்ளத்தைத்தான் காட்டுகிறேன்.

அடுத்தது உங்கள் 11 நாள் கணக்கு. இப்படிப்பட்ட உள்பரு தானாக அடங்கப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். வலி மட்டும் முதல் வாரத்தோடு பெரும்பாலும் இறங்கிவிடும். நிச்சயதார்த்தத்தன்று அதற்கு 14 நாள் வயது இருக்கும். அன்று அது சுவடில்லாமல் போயிருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வலி போயிருக்கும், மேடு நன்றாகத் தணிந்திருக்கும், சிவப்பாகவோ பழுப்பாகவோ ஒரு நிறம் மிஞ்சியிருக்கும். அதை ஒப்பனையில் மறைத்துவிடலாம், தோல் முழுசாக இருந்தால். பிதுக்கிப் புண்ணாகி, பொருக்குத் தட்டிய தோலின்மேல் எந்த ஒப்பனையும் நிற்காது. கிரீம் பொருக்கின் ஓரத்தில் திரண்டு, புண்ணை வட்டம் போட்டுக் காட்டும். ஆகவே இந்த 11 நாளில் உங்கள் முதல் வேலை, கட்டியின் மேல்தோலைக் கிழியாமல் காப்பது. மேடு குறைவது அதற்கு அடுத்ததுதான்.

இன்றிலிருந்து என்ன செய்வது

முதல் இரண்டு நாள் குளிர்ச்சி கொடுங்கள். ஐஸ் கட்டியை மெல்லிய, சுத்தமான துணியில் சுற்றிக் கட்டியின்மேல் 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். பத்து நிமிடம் விட்டு இன்னொரு முறை வைக்கலாம். வலி அதிகமானால் மூன்றாவது முறையும் வைக்கலாம். ஐஸைத் துணியில்லாமல் நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது, அதுவும் தோலைச் சுட்டுவிடும். மின்சாரம் இல்லாத நேரத்தில் ஐஸுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணி ஐஸுக்கு ஈடாகாது, ஆனால் வலியைச் சற்றுத் தணிக்கும்.

மூன்றாம் நாளிலிருந்து வெதுவெதுப்பு ஒத்தடம். இதற்கு நம் வீடுகளில் பஞ்சமில்லை, வெறும் தேநீருக்கென்று பிளாஸ்கில் எப்போதும் வெந்நீர் இருக்கும். ஒரு கிண்ணத்தில் அந்த வெந்நீரை ஊற்றி, பச்சைத் தண்ணீர் கலந்து, மணிக்கட்டின் உள்பக்கத்தில் விட்டுப் பாருங்கள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு இருந்தால் போதும். துவைத்த பருத்தித் துணியை நாலாக மடித்து நனைத்துப் பிழிந்து கட்டியின்மேல் வையுங்கள். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், மறுபடி நனைத்து வையுங்கள். இப்படி 10 முதல் 15 நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு முறை நல்லது. அலுவலகம் போகிறவர் என்பதால் காலை, மாலை, படுக்கும் முன் என மூன்று முறை செய்தாலும் நல்ல பலன்தான். துணியை அழுத்தாதீர்கள், வைத்திருங்கள். சூடு கூடினால் கட்டி சீக்கிரம் பழுக்கும் என்பது தவறு. அந்த நம்பிக்கையில் பருவோடு தொடங்கித் தீக்கொப்புளத்தோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

ஒத்தடத்தில் இரண்டில் ஒன்று நடக்கும். வீக்கம் கரைந்து உள்ளேயே வற்றிப்போகும். இதுதான் அதிகம். அல்லது கட்டி மேல்நோக்கி வந்து வெள்ளை முனை காட்டும். முனை தெரிந்ததும் கை பரபரக்கும், அப்போதும் பிதுக்க வேண்டாம். ஒத்தடத்தைத் தொடருங்கள், தானாகவே திறந்து வடியும். வடிந்ததைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, சாதாரணத் தண்ணீரில் கழுவி, சிறிய ஒட்டுப் பட்டை ஒன்றைப் போடுங்கள். பருவுக்கென்றே விற்கும் மெல்லிய வட்டப் பட்டைகளும் உண்டு. அவை ஆழத்தில் இருப்பதை உறிஞ்சி எடுத்துவிடாது. ஆனால் உங்கள் விரலுக்கும் பருவுக்கும் நடுவே நல்ல வேலியாக இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அவற்றைச் சிபாரிசு செய்கிறேன்.

இரவில் பென்சாயில் பெராக்சைடு ஜெல் தடவலாம். 2.5 சதவீதம் கேளுங்கள். கடையில் 5, 10 என்று எடுத்துத் தருவார்கள். எண் கூடினால் எரிச்சல்தான் கூடுகிறது, பலன் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. முகத்தை மென்மையான சோப்பால் கழுவி, ஈரம் காய்ந்த பிறகு, பாதிப் பாசிப்பயறு அளவு எடுத்துக் கட்டியின்மேலும் அதன் ஓரத்திலும் மெல்லிசாகப் பூசுங்கள். எரிந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பூசுங்கள். கட்டியின் ஆழத்துக்கு இந்த மருந்து அவ்வளவாக இறங்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே உள்ள கிருமியைக் குறைக்கும், பக்கத்தில் இன்னொன்று கிளம்பாமல் பார்த்துக்கொள்ளும். இன்னொரு விஷயம், இது துணியின் சாயத்தை வெளுத்துவிடும். தலையணை உறை, துண்டு, இரவில் உடுத்தும் லுங்கி எல்லாம் திட்டுத்திட்டாக வெளுக்கும். பழைய வெள்ளை உறையைப் போட்டுக்கொண்டு படுங்கள், தடவிய கையைக் கழுவிவிடுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்றோ இரண்டோ போதும். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது ஆறு மணி நேரம் இருக்கட்டும், ஒரு நாளைக்கு எட்டு மாத்திரையைத் தாண்ட வேண்டாம். ஐபுபுரூஃபன் வீக்கத்தையும் சேர்த்துக் குறைக்கும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இல்லாதவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு ஓரிரு நாள் எடுக்கலாம். ஆனால் இது டெங்கு உலவும் ஊர். எந்தக் காரணத்தாலோ காய்ச்சல் வந்துவிட்டால் ஐபுபுரூஃபனையும் ஆஸ்பிரினையும் தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவுக்கு வழி செய்துவிடும்.

இன்னொன்று கேட்கிறேன், யோசித்துப் பாருங்கள். கணக்கு எழுதும்போது வலக்கையில் பேனா இருக்கும். இடக்கை எங்கே இருக்கிறது? முகவாயைத் தாங்கிக்கொண்டா? உங்கள் பரு இடப்பக்கம் என்பதால் கேட்கிறேன். பருவுக்கு அதுவே மூலகாரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாள் முழுக்க அழுத்தமும் உரசலும் வியர்வையும் படுகிற இடத்தில் கட்டி எளிதில் அடங்காது.

அம்மாவின் சுண்ணாம்பு, அக்காவின் ஊசி, கடைக்காரரின் டியூப்

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கடுமையான காரப் பொருள். சுண்ணாம்பு வைத்தால் கட்டி உடைகிறது என்று அம்மா சொல்வதில் கண்ணால் கண்ட உண்மை ஒன்று இருக்கிறது. தோல் உடையத்தான் செய்யும். ஆனால் உடைவது கட்டி அல்ல, அதற்கு மேலே இருக்கும் நல்ல தோல் வெந்து உரிகிறது. நம்முடைய மாநிறத் தோலில் அந்தச் சூட்டுத் தழும்பு கருமையாகப் பல மாதம் நிற்கும். மஞ்சளோடு குழைத்தாலும் காரம் குறையாது. பற்பசையும் தோலுக்கு எரிச்சல்தான் தரும். அம்மாவிடம் மறுத்துப் பேசச் சங்கடமாக இருந்தால் ஒத்தடத்தை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். ஏதாவது செய்ய வேண்டும் என்ற தவிப்புதான் அவரைச் சுண்ணாம்புச் சிமிழைத் தேட வைக்கிறது.

அக்கா ஊசியைச் சுடுவதால் ஊசியில் இருக்கும் கிருமி சாகலாம். பிரச்சினை ஊசியின் சுத்தம் அல்ல. குத்தினால் வடிவதற்கு அங்கே எதுவும் இல்லை, இரத்தம்தான் வரும். அந்தத் துளை புதிதாக ஒரு புண். தோலின் மேல் வாழும் கிருமிகளுக்கு உள்ளே போக அது வழியும்கூட.

தனகா பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் காலையில் பூசிக்கொண்டுதான் கிளம்புவீர்கள் என்று நினைக்கிறேன். இந்த ஊரில் இருந்துகொண்டு தனகா பூசாதே என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை, அப்படிச் சொல்லவும் காரணமில்லை. நெற்றியிலும் கன்னத்திலும் தாராளமாகப் பூசுங்கள். கட்டி இருக்கும் இடத்தை மட்டும் ஒரு விரல் அகலம் விட்டுவிடுங்கள். காய்ந்த தனகா தோலை இழுத்துப் பிடிக்கும், கழுவும்போது தேய்த்தால்தான் போகும். அந்தத் தேய்ப்புதான் கட்டிக்கு ஆகாது. வீட்டார் எல்லோருக்கும் பொதுவான அரைக்கும் கல்லை அரைப்பதற்கு முன் கழுவிக்கொள்ளுங்கள்.

டியூபின் மேல் பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், டெக்சாமெத்தசோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. ஒரு வேளை தடவியதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை, இத்தோடு நிறுத்துங்கள். இந்த கிரீம்கள் கடைகளில் நன்றாக விற்பதற்குக் காரணம் முதல் சில நாளில் சிவப்பு குறைவதுதான். வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, நரம்பு தெரிகிற மாதிரி சிவந்து, ஒரு பரு இருந்த இடத்தில் பொடிப்பொடியாக முப்பது பரு வந்து நிற்கும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும், அந்தப் பயத்தில் மறுபடி தடவுவார்கள். இந்தச் சுழலிலிருந்து ஒருவரை மீட்க எனக்குச் சில மாதங்கள் பிடிக்கும். டியூபில் பெயரே இல்லையென்றால் அதைத் தடவாமல் இருக்க அந்தக் காரணமே போதும்.

மாத்திரைப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்தது நல்ல காரியம். பெயரில்லாத ஐந்து மாத்திரையில் ஒன்று ஸ்டீராய்டாக இருக்கலாம், இன்னொன்று இரண்டு நாளுக்கான ஆன்டிபயாட்டிக்காக இருக்கலாம். உள்பரு இரண்டு நாள் ஆன்டிபயாட்டிக்கால் கரைவதில்லை. உள்ளே நடப்பதில் கிருமியின் பங்கைவிட உடம்பு காட்டும் எதிர்ப்பின் பங்கே பெரிது. ஆழமான பருக்கள் பல இருப்பவர்களுக்கு நாங்கள் டாக்சிசைக்ளின் கொடுப்பது உண்டு. அது வாரக்கணக்கில் சாப்பிட வேண்டியது, மூன்று நான்கு மாதத்துக்கு மேல் நீட்டக் கூடாதது, ஒற்றைப் பருவுக்கு வேண்டாதது.

நாள் நெருங்கினால் இருக்கும் ஒரு வழி

நாள் குறைவாக இருக்கும்போது நாங்கள் செய்யக்கூடிய ஒன்று, கட்டிக்குள்ளேயே நேரடியாகப் போடும் ஊசி. டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டை நன்றாக நீர்க்கச் செய்து, மிக மெல்லிய ஊசியால் கட்டியின் நடுவில் ஒரு துளி அளவு செலுத்துவோம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் மேடு கண்ணுக்குத் தெரியும்படி தணியும்.

ஸ்டீராய்டு கிரீமைத் திட்டிவிட்டு ஸ்டீராய்டு ஊசியைச் சொல்கிறாரே என்று நினைப்பீர்கள். இது ஒரே முறை, ஒரே இடத்தில், ஒரு துளி. அதனால் தோல் முழுக்க மெலியாது. ஆனாலும் ஆபத்தே இல்லாதது அல்ல. அளவு கூடினால் அந்த இடத்தில் பள்ளம் விழும், நிறம் வெளிறும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும், சிலருக்கு நீடிக்கும். மருந்துப் புட்டியில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 அல்லது 40 மி.கி. இருக்கும். முகப்பருவுக்கு அதை உப்புநீர் கலந்து 2.5 மி.கி. அல்லது அதற்கும் கீழே கொண்டுவர வேண்டும். போடுவதும் 0.1 மில்லிலிட்டருக்கு மேல் போகாது. கலக்காமல் அப்படியே போட்டால் பள்ளம் விழும் வாய்ப்பு அதிகம். எனவே தோல் மருத்துவரிடம் மட்டும் போங்கள், "எவ்வளவு நீர்த்துப் போடுகிறீர்கள், டாக்டர்?" என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் போட்டுக்கொள்ள வேண்டாம்.

உங்களுக்கு நான் சொல்வது இது. குளிர்ச்சி, ஒத்தடம் இரண்டும் சேர்த்து இன்றிலிருந்து ஐந்து நாள் செய்து பாருங்கள். மேடு குறையத் தொடங்கியிருந்தால் ஊசி தேவையில்லை. அப்படியே நின்றாலோ பெரிதானாலோ விழாவுக்கு ஐந்தாறு நாள் முன்னதாக ஊசிக்குப் போங்கள். முதல் நாள் மாலை ஓடிவராதீர்கள். ஊசி போட்ட இடத்தில் சிறு கன்றல் வந்தால் ஆறவும் நாள் வேண்டும். ஒன்று மட்டும் முக்கியம், அந்த இடத்தில் கிருமித் தொற்று இருந்தால் இந்த ஊசி போடக் கூடாது. எது பரு, எது தொற்று என்று நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

சித்தப்பா சொன்னதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட மாட்டேன். மூக்கின் மேல்முனையிலிருந்து வாயின் இரு ஓரம் வரை ஒரு முக்கோணம் வரைந்துகொள்ளுங்கள். அந்தப் பகுதியின் இரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் பின்னால் மண்டையோட்டுக்குள் இருக்கும் குழாய்களோடு தொடர்புள்ளவை. அங்கே கடுமையான தொற்று ஏற்பட்டால் உள்ளே பரவுவது உண்டு. மிக அரிது, ஆனால் கதை அல்ல. உங்கள் முகவாய் அந்த முக்கோணத்துக்குக் கீழே இருக்கிறது. ஒரு முறை பிதுக்கியதால் மூளைக்கு ஆபத்து என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டி எங்கே இருக்கிறது என்பதைவிட எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இன்று மாலை கட்டியைச் சுற்றி எங்கே சிவப்பு முடிகிறதோ அங்கே பால்பாயின்ட் பேனாவால் மெல்லிய கோடு ஒன்று போடுங்கள். மறுநாள் சிவப்பும் சூடும் அந்தக் கோட்டைத் தாண்டிப் பரவியிருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தாலும் அப்படியே. வாயைத் திறக்கவோ விழுங்கவோ சிரமம், கழுத்தில் வீக்கம், இமை வீங்குதல், கண்ணை அசைத்தால் வலி, பார்வை இரண்டாகத் தெரிதல், தாங்க முடியாத தலைவலி ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது நீரிழிவு இருந்தாலோ, வேறு நோய்க்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வந்தாலோ, இந்த வரிசையில் எதுவும் இல்லாவிட்டாலும் இரண்டு நாளுக்கு மேல் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

அவசரம் இல்லாவிட்டாலும் காட்டியே தீர வேண்டிய நிலைகள் சில உண்டு. கட்டி வேகமாகப் பெருத்து, தொட்டால் உள்ளே நீர் தளும்புகிற மாதிரி மெத்தென்று ஆனால் அது பருவாக இல்லாமல் சீழ்க்கட்டியாக இருக்கலாம். அதைக் கீறி வடிப்பதுதான் மருந்து, ஆனால் மருத்துவரின் கத்தியால். நடுவில் கரும்புள்ளியோடு அதே இடத்தில் திரும்பத் திரும்ப வீங்கினால் தோலுக்கடியில் இருக்கும் நீர்க்கட்டி வகையாக இருக்கலாம், அதைப் பையோடு எடுத்தால்தான் தீரும். நான்கு வாரமாகியும் கரையாதது எதுவானாலும் காட்டுங்கள்.

முகவாய் என்று நீங்கள் எழுதியதால் ஒரு நோயாளி நினைவுக்கு வருகிறார். இருபது வயதுப் பையன். முகவாயின் நடுவில் ஒரு "பரு", எட்டு மாதமாக வடிவதும் மூடுவதுமாக இருந்தது. இரண்டு முறை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தான், ஒரு முறை ஒருவர் கீறியும் விட்டிருந்தார். அவன் முகத்தில் வேறு பருவே இல்லை, அதுதான் எனக்கு உறுத்தியது. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கீழ்வரிசை முன்பற்களில் ஒன்று மட்டும் லேசாகச் சாம்பல் நிறம். சின்ன வயதில் படியில் விழுந்தானாம், பல்லில் வலி என்று ஒரு நாளும் இருந்ததில்லையாம். எக்ஸ்ரேயில் வேரின் நுனியில் சீழ் தெரிந்தது. பல் செத்துப்போய், அந்தச் சீழ் எலும்பைத் துளைத்துக்கொண்டு முகவாய்த் தோல் வழியே வெளியே வந்துகொண்டிருந்தது. பல் மருத்துவர் வேர் சிகிச்சை செய்ததும் தோலில் எந்த மருந்தும் போடாமலே சில வாரத்தில் மூடிக்கொண்டது. உங்களுக்கு மூன்று நாள் பரு, மாதவிலக்கோடு வருவது, பல்லாக இருக்க வாய்ப்புக் குறைவு. இருந்தாலும் கீழ்ப்பற்களை நகத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் கூசினாலோ நிறம் மாறியிருந்தாலோ பல் மருத்துவரைப் பாருங்கள்.

மாதாமாதம் வருவதற்கு

மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் முகவாயிலும் தாடை ஓரத்திலும் வருவது ஹார்மோன் ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்தது. முந்தைய நாள் சாப்பிட்ட பலகாரம் மறுநாள் சுண்டைக்காயாக முளைப்பதில்லை. இனிப்பும் பாலும் அதிகமாக எடுப்பவர்களில் சிலருக்குப் பரு கூடுகிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். மாதவிலக்கு ஒழுங்கில்லாமல் இருந்தாலோ, முகத்தில் முடி வளர்ச்சி கூடியிருந்தாலோ ஹார்மோன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

தடுப்புக்கு அடாபலீன் 0.1 சதவீத ஜெல் நல்லது. ஆனால் இப்போது தொடங்காதீர்கள். முதல் சில வாரம் தோல் உரியும், எரியும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு தோல் மருத்துவரிடம் பேசித் தொடங்குங்கள். அப்போது திருமணத் தேதியையும் சொல்லிவிடுங்கள். கருத்தரிக்கத் திட்டமிடும்போது அடாபலீனையும் டாக்சிசைக்ளினையும் நிறுத்த வேண்டும். ஐசோட்ரெடினாயின் மாத்திரை இன்னும் கண்டிப்பானது. ஆழமான பருக்களுக்கு அதைப்போல் வேறொன்று இல்லை, கருவில் இருக்கும் குழந்தைக்கு அதைப்போல் தீங்கு செய்யும் பரு மருந்தும் வேறில்லை. சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கரு தங்கவே கூடாது. புதுமணப்பெண் யாரும் அதைக் கடையில் கேட்டு வாங்கக் கூடாது, தோழி மிச்சம் வைத்ததைக் கடன் வாங்கவும் கூடாது.

விழாவுக்கு முந்தைய இரவு பெராக்சைடு ஜெல்லை விட்டுவிடுங்கள். அன்று தோல் உரிந்திருந்தால் பவுடர் ஒட்டாது. காலையில் ஐந்து நிமிடம் குளிர்ந்த துணி, பிறகு எண்ணெய் இல்லாத மாய்ஸ்சரைசர், பிறகு ஒப்பனை. ஒப்பனைப் பெண்ணிடம் அவருடைய தூரிகையைக் கட்டியின்மேல் தேய்க்க வேண்டாம், சுத்தமான விரலால் ஒற்றினால் போதும் என்று சொல்லுங்கள். அந்த ஜெல் டியூபை நிச்சயதார்த்தப் பட்டுச்சேலை இருக்கும் அலமாரிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.